எதைக் கற்பது: செல்போன் பழுதுபார்ப்பதா, ஏசி சர்வீஸா?

மூன்று மாதத்தில் கையில் சம்பளம் வேண்டும் என்றால் நான் ஏசி சர்வீஸைத்தான் சொல்வேன். காரணம் எளிது: ஸ்பிளிட் ஏசியின் வெளி யூனிட்டை ஒருவர் தனியாகத் தூக்கி மாட்டுவது கடினம். அதனால் மெக்கானிக்குக்குப் பெரும்பாலும் ஓர் உதவியாள் தேவை. ஃபில்டர் கழுவ, காயில் சுத்தம் செய்ய, அடைத்த வடிகால் குழாயைத் திறக்கத் தெரிந்தாலே அந்த இடம் கிடைக்கும். குறை, குளிர்காலத்தில் வேலை குறையும்.

செல்போனில் டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றுவது சில வாரங்களில் வந்துவிடும். ஆனால் போனுக்குள் இருக்கும் போர்டில் ஐசி சிப்பைக் கழற்றி வைக்கும் கை வர மாதக்கணக்காகும். அதுவரை கடைக்காரர் வாடிக்கையாளர் போனை நம்பித் தர மாட்டார். உயரம் ஏற முடியாதவருக்கு, உட்கார்ந்து நுணுக்கமாகச் செய்பவருக்கு இதுவே சரி.

சேரும் முன் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். ஏசியில் கேஸ் குறைந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். “நிரப்பிவிடுவோம்” என்றால் அங்கே சேராதீர்கள். கேஸ் தானாகத் தீராது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே நிரப்ப வேண்டும். செல்போன் வகுப்பில் பழைய போர்டுகளை மாணவரே சூடாக்கிக் கழற்றுகிறாரா, வேடிக்கை பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.