ஒரே தட்டல், இரண்டு பதிவுகள்: தாமதத்தை எந்த முறையில் அளப்பது?

இரண்டு மைக்குகளை 1.20 மீட்டர் இடைவெளியில் வைக்கிறோம். அதே நேர்கோட்டில், முதல் மைக்கிலிருந்து இன்னொரு 1.20 மீட்டர் தள்ளி நின்று இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுகிறோம். ஒரே ரெக்கார்டரின் இடது, வலது சேனல்களில் பதிவாகிறது, நொடிக்கு 48,000 சாம்பிள். அறை வெப்பநிலை 30 டிகிரி. அந்த வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 349.5 மீட்டர். ஆகவே இரண்டாவது மைக்குக்குச் சத்தம் 3.43 மில்லி நொடி, அதாவது ஏறக்குறைய 165 சாம்பிள், தாமதமாக வந்து சேர வேண்டும். மேலே மின்விசிறி ஓடுகிறது, கேபிளில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறியிருக்கிறது. இந்த நிலையில் அந்த 165-ஐக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மாணவர்களோடு இந்தச் சோதனையை நான் பலமுறை செய்திருக்கிறேன். மூன்றுமே என்னை ஏமாற்றியிருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு விதத்தில்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வரம்பு முறை. ஒரு மட்டத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவும் எப்போது முதன்முதலில் அதைத் தாண்டுகிறது என்று பார்த்துக் கழிப்பது. அமைதியான அறையில் இது அழகாக வேலை செய்யும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எப்போதும் நேரடிச் சத்தத்துக்குப் பிறகுதான் வரும் என்பதால், அதுவும் இந்த முறையைக் கெடுக்காது.

ஆனால் நம் அமைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாவது மைக் இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதால், அங்கே சத்தத்தின் உயரம் பாதிதான். துடிப்பு 0.5 மில்லி நொடியில் சீராக உச்சிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருகில் உள்ள மைக்கில் உச்சி 1, தொலைவில் உள்ளதில் 0.5. மட்டத்தை 0.2-இல் வைத்தால், அருகில் உள்ளது ஏறத் தொடங்கிய 0.1 மில்லி நொடியில் அதைத் தாண்டும். தொலைவில் உள்ளதற்கு 0.2 மில்லி நொடி ஆகும். இல்லாத 0.1 மில்லி நொடி தாமதத்தோடு சேர்ந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் வேகம் 340 என்று வரும்! பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 30 டிகிரி அறையில் அது தவறான விடை. மட்டத்தை நிலையான எண்ணாக வைக்காமல், அந்தந்தப் பதிவின் உச்சியில் 20 சதவீதம் என்று வைத்தால் இந்தப் பிழை போய்விடும்.

இரைச்சல் கூடும்போதுதான் வரம்பு முறை அடியோடு விழுகிறது. கையால் கணக்குப் போடக்கூடிய சிறிய உதாரணம் இது:

```
x:  0  1  3 -2  0  0  0  0
y:  0  1  0 -1  1  2 -1  0
```

x முதல் மைக், y இரண்டாவது. y-இல் உண்மையான துடிப்பு மூன்று இடம் தள்ளி வருகிறது, வலுவிழந்து 1, 2, -1 என்று. அதற்கு முன்னால் இருக்கும் 1, -1 இரண்டும் வெறும் இரைச்சல். மட்டம் 1 என்று வைத்தால் இரண்டு பதிவுகளும் ஒரே இடத்தில் அதைத் தொடுகின்றன. தாமதம் பூஜ்யம் என்று விடை வரும்.

குறுக்கு ஒட்டுறவு, அதாவது கிராஸ் கோரிலேஷன், ஒரு புள்ளியை மட்டும் நம்புவதில்லை. y-ஐ ஒவ்வொரு இடமாக முன்னால் இழுத்து, x-ஓடு பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறது. நகர்த்தாமல் இருக்கும்போது கூட்டுத்தொகை 1×1 + 3×0 + (-2)×(-1) = 3. ஓரிடம் நகர்த்தினால் -5, இரண்டிடம் என்றால் -2. மூன்றிடம் நகர்த்தினால் 1×1 + 3×2 + (-2)×(-1) = 9. நான்கில் மறுபடி -1. ஒன்பதுதான் உச்சி, தாமதம் மூன்று. துடிப்பின் மேடும் பள்ளமும் சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் எல்லாப் பெருக்கல்களும் ஒரே குறியில் சேர்கின்றன. இரைச்சலின் பெருக்கல்கள் கூட்டியும் கழித்தும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இரு சேனல்களும் ஒரே அளவு பெருக்கப்படாவிட்டாலும் உச்சியின் இடம் மாறாது. எனவே மேலே பார்த்த 340 சிக்கல் இங்கே எழவே எழாது.

சரி, அப்படியானால் ஒட்டுறவுதான் விடை என்று முடித்துவிடலாமா? ஒரு முழு நொடிப் பதிவை அப்படியே இதில் கொடுத்துப் பாருங்கள். எங்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த விடை பூஜ்யம்தான். முதல் முறை இதைப் பார்த்தபோது மைக் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

காரணம் இதுதான். இரைச்சல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்ற வாதம், இரண்டு மைக்குகளின் இரைச்சலுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இல்லாதபோதுதான் செல்லும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் ஏறுகிறது. ஒட்டுறவின் பார்வையில் அதுவும் இரண்டு பதிவுகளுக்கும் பொதுவான ஒரு சமிக்ஞைதான், தாமதம் பூஜ்யம் உள்ள சமிக்ஞை. உறுமலின் உயரம் துடிப்பின் உச்சியில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும், துடிப்பு சில மில்லி நொடிகளில் அடங்கிவிடும். உறுமலோ ஒரு நொடி முழுவதும் ஓடுகிறது. 48,000 சாம்பிளுக்கு அதன் பங்கைக் கூட்டினால் சுமார் 240 வரும். துடிப்பின் பங்கு ஐந்தோ பத்தோதான். காதுக்குத் தட்டல் பெரிதாகக் கேட்கும், கூட்டலில் உறுமல் வென்றுவிடும். சேனல்களில் பூஜ்யத்திலிருந்து சற்று விலகிய நிலையான மின்னழுத்தம் இருந்தாலும் இதே கதிதான். ஒட்டுறவு பூஜ்யத்தில் உச்சி வைத்த பெரிய முக்கோணமாகிவிடும்.

வரைபடத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். துடிப்பின் உச்சி ஊசிபோல் இருக்கும். உறுமலின் உச்சி அகன்ற குன்றுபோல், 20 மில்லி நொடிக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும்.

பரிகாரம் மூன்று படிகள். துடிப்பைச் சுற்றி 20 மில்லி நொடியை மட்டும் வெட்டி எடுங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள். விடையை இயற்பியல் அனுமதிக்கும் எல்லைக்குள் மட்டும் தேடுங்கள். 1.20 மீட்டரைக் கடக்க 165 சாம்பிள் போதும் என்றால் 300-இல் தெரியும் உச்சி தாமதமாக இருக்க முடியாது.

```python
import numpy as np
from scipy.signal import (butter, sosfiltfilt,
                          correlate, correlation_lags)
sos = butter(4, 300, "highpass", fs=48000, output="sos")
x, y = sosfiltfilt(sos, x), sosfiltfilt(sos, y)
r = correlate(y, x)
k = correlation_lags(len(y), len(x))
ok = np.abs(k) <= 170
print(k[ok][np.argmax(r[ok])])
```

முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு வெட்டுவது நல்லது. வெட்டிய சிறு துண்டின் ஓரங்களில் வடிகட்டி தன் பங்குக்குக் குழப்பம் செய்யும்.

இந்தத் தேடல் எல்லையின் மிக அழகான உதாரணம் 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வகம் பதிவு செய்த ஈர்ப்பலை. அமெரிக்காவில் உள்ள அதன் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு நிலையங்களுக்கு இடையே சுமார் 3,000 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் செல்லும் ஈர்ப்பலை அதைக் கடக்க 10 மில்லி நொடி. ஆகவே தாமதம் அந்தப் பத்துக்குள்தான் இருக்க முடியும். கிடைத்தது சுமார் 6.9 மில்லி நொடி, லிவிங்ஸ்டனில் முதலில். இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு கருவிகளும் வைக்கப்பட்டிருக்கும் திசை வேறு என்பதால், ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பினால்தான் மற்றதோடு பொருந்தியது. நம் மேசையிலும் ஒரு மைக்கின் ஒயர் மாறிவிட்டால் இதேதான் நடக்கும். உண்மையான உச்சி ஆழமான பள்ளமாகத் தெரியும், `argmax` அதைத் தாண்டிப் போய் பக்கத்தில் உள்ள குட்டி மேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது போட்டியாளர், ஃபேட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்ட உருமாற்ற முறை. சார்லஸ் நாப்பும் கிளிஃபோர்டு கார்ட்டரும் 1976-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவலானது. எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவானது என்பதை இது தூக்கி எறிந்துவிடுகிறது. கட்டம், அதாவது அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொள்கிறது.

```python
n = len(x) + len(y)
G = np.fft.rfft(y, n) * np.conj(np.fft.rfft(x, n))
r = np.fft.irfft(G / (np.abs(G) + 1e-12), n)
```

ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரே ஒரு ஓட்டு என்று புரிந்துகொள்ளலாம். 50 ஹெர்ட்ஸ் எவ்வளவு உறுமினாலும் அதற்குக் கிடைப்பது சில ஓட்டுகள்தான். எதிரொலி நிறைந்த அறையில் இது பிரமாதமாக வேலை செய்யும். சாதாரண ஒட்டுறவில் நேரடிச் சத்தமும் மேசையில் பட்டு வரும் எதிரொலியும் கலந்து ஒரே மேடாக மழுங்கிவிடும் இடத்தில், இது இரண்டு தனித்தனி ஊசிகளைக் காட்டும்.

அதே சமத்துவம்தான் இதன் பலவீனமும். துடிப்பே இல்லாத அதிர்வெண்களில் இருப்பது வெறும் இரைச்சல், அதற்கும் சம ஓட்டு. மரக்கட்டையின் தட்டல் அகன்ற பட்டையில் பரவியிருப்பதால் தாங்கிக்கொள்கிறது. 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் சென்சாரின் துடிப்போ மிகக் குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். அங்கே ஃபேட் போட்டால் பெரும்பான்மை ஓட்டு இரைச்சலுடையது, உச்சி கண்ட இடத்தில் நிற்கும். இதில் பலரும் தவறவிடும் இன்னொரு விஷயம்: முன்கூட்டியே 300 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டுவிட்டு ஃபேட் செய்தால், வடிகட்டி அடக்கியதை வகுத்தல் மறுபடி தூக்கி நிறுத்திவிடும். பட்டையைக் குறுக்க வேண்டுமானால் `r`-ஐக் கணக்கிடும் வரிக்கு முன் `G`-யில் வேண்டாத அதிர்வெண்களைப் பூஜ்யமாக்க வேண்டும்.

என் தேர்வு இது: விசிறி ஓடும் சாதாரண அறையில் வடிகட்டிய ஒட்டுறவுதான் முதலில். அதன் உச்சி மழுங்கியோ இரட்டையாகவோ இருந்தால் மட்டும் ஃபேட். துடிப்பு இரைச்சலைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் வரம்பு முறையே போதும். அதை இன்றும் ஒரு சரிபார்ப்பாக வைத்திருக்கிறேன். பத்துத் தட்டல்களில் ஒட்டுறவின் விடை ஓரிரு சாம்பிளுக்குள் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் நாற்பது சாம்பிள் தள்ளி நின்றால் அதைச் சராசரியில் சேர்க்கக் கூடாது, அங்கே தவறான உச்சி பிடிபட்டிருக்கிறது.

கடைசியாக, சாம்பிளுக்கு இடையில் உள்ள பின்னம். ஒரு சாம்பிள் என்பது 7.3 மில்லிமீட்டர் ஒலிப்பயணம். ஒரு பதிவில் உச்சி 165-இல் 0.96, அதற்கு முன் 0.91, பின் 0.85. மூன்று புள்ளிகள் வழியாகப் பரவளையம் வரைந்தால் உச்சி 0.19 சாம்பிள் முன்னால் நகர்கிறது: 164.81. வேகம் 349.5. ஒரு மாணவி இதே கணக்கைக் கவனமாகச் செய்தும் 355 என்று வந்தது. குறியீட்டை எல்லாம் அலசிய பிறகு தரையில் நூல் பிடித்துப் பார்த்தோம். மைக்குகளின் கோட்டிலிருந்து விலகி நின்று தட்டியிருந்தார்.