மாடித்தோட்டச் செலவு: தொட்டியை எண்ணாதீர்கள், லிட்டரைக் கணக்கிடுங்கள்

மாடித்தோட்டம் போட எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தொட்டியின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். “பத்துத் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன், இருநூறு வெள்ளியில முடியுமா?” என்றார் எதிர்வீட்டு அக்கா. பத்துத் தொட்டி என்றால் எத்தனை லிட்டர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர்கூட விட்டத்தைச் சொல்வாரே தவிர லிட்டரைச் சொல்ல மாட்டார். ஆனால் தொட்டியின் விலை, மண், தளத்தின் மேல் ஏறும் எடை, தினசரித் தண்ணீர், மாத உரம் எல்லாமே அந்த லிட்டரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும், இறங்கும்.

எங்களுடையது சிங்கப்பூரில் ஒரு தரைவீடு. மேலே திறந்த மொட்டை மாடி. சில வருடங்களாக அங்கே காய்கறி போட்டு வருகிறேன். இப்போது இருப்பது 40 லிட்டர் தொட்டி நான்கு, 20 லிட்டர் தொட்டி ஆறு, கீரைக்கு 15 லிட்டர் நீளத்தொட்டி நான்கு. மொத்தம் 340 லிட்டர். பெரிய தொட்டிகளில் கறிவேப்பிலை, ஒரு முருங்கை, நீளக் கத்தரி இரண்டு. நடுத்தரத்தில் வெண்டையும் மிளகாயும். நீளத்தொட்டிகளில் முளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும்.

தொட்டிகள் பெரியது 18 வெள்ளி, நடுத்தரம் 9, நீளத்தொட்டி 8. ஆக 158 வெள்ளி. துணிப்பை இதைவிட மலிவு. வேர் நன்றாக மூச்சுவிடும் என்பதும் உண்மை. ஆனால் நம் மாடி வெயிலில் இரண்டாம் வருடத்தில் கைப்பிடி இற்றுப்போகும். ஈரமண்ணோடு நகர்த்தும்போதுதான் அது கிழியும். நடுத்தரத் தடிமன் பிளாஸ்டிக் தொட்டி எனக்கு அதைவிட நீண்ட காலம் உழைக்கிறது. கறுப்பு நிறம் மட்டும் வேண்டாம், மதிய வெயிலில் தொட்டியின் சுவரோரம் உள்ள வேர் வெந்துவிடும்.

மண்ணுக்கு வருவோம். தொட்டியை விளிம்புவரை நிரப்புவதில்லை, இரண்டு விரல் இடம் விடுகிறோம். அதனால் 340 லிட்டர் தேவைப்படாது என்று தோன்றும். ஆனால் இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றியதும் கலவை படிந்து இறங்கிவிடும். விட்ட இடமும் இறங்கிய அளவும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால், தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கே வாங்கலாம்.

நான் கலப்பது நாற்பது சதவீதம் தென்னைநார்த் தூள், முப்பது சதவீதம் மட்கு உரம், இருபது சதவீதம் தோட்டமண், பத்து சதவீதம் பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் குருணை. தென்னைநார்த் தூளை ஐந்து கிலோ கட்டியாக வாங்கி ஊறவைத்தால் 70 லிட்டர்வரை உப்பும். இரண்டு கட்டி 28 வெள்ளி. மட்கு உரம் 25 லிட்டர் மூட்டை நான்கு, 44 வெள்ளி. தோட்டமண் மூன்று மூட்டை 21. பெர்லைட் 22. மொத்தம் 115 வெள்ளி. இதையே கலந்து வைத்த மூட்டையாக, 25 லிட்டர் 13 வெள்ளி என்று வாங்கினால் பதினான்கு மூட்டைக்கு 182 ஆகும். நாமே கலந்தால் ஒரு சனிக்கிழமை காலை முதுகு வலிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கக் கடைக்காரர் 30 வெள்ளி வாங்கினார். மாடிக்கு ஏற்றியது நாங்களேதான்.

எடையையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ஈரமான இந்தக் கலவை லிட்டருக்கு ஒரு கிலோவை நெருங்கும். செடியும் சேர்ந்தால் 40 லிட்டர் தொட்டி 40 கிலோவைத் தாண்டும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ, என்ற கணக்கில் வடிவமைப்பது வழக்கம். ஒரு சதுர மீட்டரில் பெரிய தொட்டி மூன்றுக்கு மேல் நெருக்கி வைக்காதீர்கள். கீழே சுவரோ உத்தரமோ ஓடும் ஓரங்களில் பரப்பி வையுங்கள். பழைய வீடாக இருந்தால், நிறைய தொட்டி வைக்கும்முன் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. தட்டில் நிற்கும் தண்ணீர் கொசுவுக்குத் தொட்டில். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், புழு இருந்தால் அபராதம். அதற்குப் பதிலாகத் தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைக்கும் கால்கள் 30 வெள்ளி ஆயின. தண்ணீர் வடிந்து ஓடிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பலத்த மழையில் பெர்லைட் மிதந்து வெளியேறி, மாடியின் வடிகால் சல்லடையில் வெள்ளை வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். மேல்மண்ணில் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ பரப்பினால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

நாற்றும் விதையும் 48 வெள்ளி. கறிவேப்பிலை, கத்தரி, மிளகாயை நாற்றாக வாங்கலாம். கீரையையும் வெண்டையையும் நாற்றாக வாங்குவது வீண்செலவு, விதை போட்டாலே போதும். பெரிய தக்காளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவு வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் பெரிய ரகங்களில் பூ காயாகாமல் உதிரும். சிங்கப்பூரில் அந்த அளவுக்குக் குளிரும் இரவுகள் குறைவு. தக்காளிதான் வேண்டும் என்றால் சின்னச் செர்ரி ரகம் ஓரளவு காய்க்கும். வலைக்கும் குச்சிகளுக்கும் 35 வெள்ளி.

சொட்டுநீர் அமைப்பில்தான் கணக்கு அதிகம் தவறிப்போகும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நல்ல வெயில் நாளில் 40 லிட்டர் தொட்டிக்கு மூன்று லிட்டர், மற்றவற்றுக்கு ஒன்றரை லிட்டர் போதுமாக இருக்கிறது. மணிக்கு இரண்டு லிட்டர் விடும் டிரிப்பரைப் பெரிய தொட்டிக்கு இரண்டும் மற்றவற்றுக்கு ஒவ்வொன்றும் பொருத்தினால் பதினெட்டு டிரிப்பர். முக்கால் மணி நேரம் ஓடினால் எல்லாத் தொட்டிக்கும் சரியான அளவு போய்விடும். மொத்தம் 27 லிட்டர். டைமர் 45, வடிகட்டியும் அழுத்தம் குறைப்பானும் 20, 16 மில்லிமீட்டர் முதன்மைக் குழாய் 15, 4 மில்லிமீட்டர் கிளைக்குழாய் 8, டிரிப்பரும் இணைப்பிகளும் 22. ஆக 110 வெள்ளி. அழுத்தம் குறைப்பானை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் அழுத்தம் கூடும் நேரத்தில் இணைப்பு கழன்று, நாம் வேலையிலிருந்து வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

முக்கால் மணியையும் ஒரே மூச்சில் விடாமல் காலை 25 நிமிடம், பிற்பகல் 20 நிமிடம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. கலவை ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகும். அப்புறம் விடும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே போய்விடும். டிரிப்பர் ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அடித்துளையில் தண்ணீர் வருகிறதா, இரண்டு அங்குலம் தோண்டினால் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் இதுதான் பிரச்சினை. கையால் மண்ணை ஓரத்தில் அழுத்தி, பூவாளியால் மெதுவாக இரண்டு மூன்று தடவை நனைத்தால் சரியாகும்.

டிரிப்பர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் போதும். சொட்டும் இடத்தில் வைத்து ஆறு நிமிடம் பிடித்தால் 200 மில்லி வர வேண்டும். 150க்குக் கீழே வந்தால் கழற்றிக் கழுவுங்கள். எங்கள் குழாய்த் தண்ணீர் சுத்தமானது, அடைப்பு பெரும்பாலும் ஒளி ஊடுருவும் குழாயில் வளரும் பாசியால் வருவது. கிளைக்குழாயும் கறுப்பாகவே இருக்கட்டும்.

எல்லாம் சேர்த்தால் 526 வெள்ளி. லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி.

இனி மாதச் செலவு. தண்ணீரை நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் இருப்பதிலேயே சின்னச் செலவு அதுதான். மழை நாட்களைக் கழித்து மாதம் இருபது நாள் ஓடினால் 540 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் வீடுகளுக்கு முதல் 40 கனமீட்டருக்கான கட்டணம், வரிகளும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்ந்து, கனமீட்டருக்கு 3.24 வெள்ளி. பொருள் சேவை வரியையும் சேர்த்தால்கூட இரண்டு வெள்ளியைத் தொடாது.

பணத்தைத் தின்பது மழை. சிங்கப்பூரில் வருடத்துக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பிற்பகல் இடிமழை ஒன்றில் 40 மில்லிமீட்டர் கொட்டியது என்று வையுங்கள். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் விழுவது மட்டும் ஐந்து லிட்டர். செடிக்கு வேண்டியதோ மூன்று. மீதி, உரத்திலிருந்த நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வடிகாலுக்குப் போகிறது. டிசம்பரில் கீழ் இலைகள் முதலில் வெளுத்து மஞ்சளாகின்றன என்றால் நோய் என்று மருந்து தேடுவதற்குமுன் உரத்தைப் பாருங்கள். ஒரேயடியாக நிறைய போடுவதைவிட, மெதுவாகக் கரையும் குருணையை அடிப்படையாக வைத்து, திரவ உரத்தைப் பாதி அளவில் வாரம் ஒருமுறை ஊற்றுவது எனக்குக் கட்டுப்படியாகிறது. மாதம் 8 வெள்ளி. மழைக்காலத்தில் டைமரைக் கையால் நிறுத்திவிடுகிறேன். மழை பெய்தது அதற்குத் தெரியாது.

இன்னொரு செலவை யாருமே மதிப்பீட்டில் எழுதுவதில்லை. மட்கு உரமும் தென்னைநாரும் இந்த வெப்பத்தில் மட்கிக் கரைந்துகொண்டே இருக்கும். வருடத்தில் கால்பங்கு குறைந்துவிடுகிறது, அதாவது 85 லிட்டர். மூன்று நான்கு மூட்டை வாங்கி நிரப்ப வருடம் 40 வெள்ளிக்கு மேல் ஆகிறது, மாதத்துக்கு மூன்றரை. மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெய், சோப்பு 3 வெள்ளி. மறுநடவுக்கு 4. டைமர் பேட்டரி, உடைந்த இணைப்பி என்று 2. மொத்தம் மாதம் 22 வெள்ளிக்கு மேல்.

விளைச்சல் இதை ஈடுகட்டுமா என்றால், நல்ல மாதங்களில் கீரை, கறிவேப்பிலை, வெண்டைக்காக நாங்கள் தேக்கா சந்தையில் கொடுக்கும் பணம் அந்த அளவுக்குக் குறைகிறது. வடகிழக்குப் பருவமழையில் பாதிகூடக் குறையாது. போட்ட 526 வெள்ளி திரும்பி வரும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்தது இது: பெரிய தொட்டி இரண்டு, நடுத்தரம் நான்கு, நீளத்தொட்டி இரண்டு, 190 லிட்டர். தொட்டி 88, மண் 60, கொண்டுவர 30, நாற்று 30, கால்கள் 15, வலையும் குச்சியும் 20. ஆக 243 வெள்ளி. சொட்டுநீர் வேண்டாம், எட்டுத் தொட்டிக்குப் பூவாளி போதும். வருடக்கடைசியில் ஊருக்குப் போவதாக இருந்தால் மட்டும் டைமரோடு சொட்டுநீர் அமைப்பை வாங்கிக்கொள்ளட்டும்.