பரிவும் எதிர்ப்பரிவும்: ஏற்பிகளை நினைவில் நிறுத்தும் வழி

ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் திடீரெனப் பேருந்து எதிர்ப்பட்டால், பரிவு நரம்புகள் பீட்டா-1 ஏற்பி வழியே இதயத்துடிப்பைக் கூட்டுகின்றன. இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின், பீட்டா-2 வழியே மூச்சுக்குழல்களை விரிக்கிறது. பின்னர் ஏரிக்கரையில் அமர்ந்து உண்ணும்போது, எதிர்ப்பரிவு நரம்புகளின் அசிட்டைல்கோலின், எம்-2 என்னும் மஸ்கரினிக் ஏற்பி வழியே துடிப்பைத் தணித்து, எம்-3 வழியே மூச்சுக்குழலைச் சுருக்கிக் குடலசைவைத் தூண்டுகிறது.

பீட்டாவுக்கு, “இதயம் ஒன்று, நுரையீரல் இரண்டு” என்று உறுப்புகளின் எண்ணிக்கையையே சொல்லிப் பழகுவது எனக்கு மிகவும் பிடித்த வழி. அதை எதிர்ப்பரிவுக்கு நீட்டினால் விடை தவறும். அங்கே இதயத்துக்கு எம்-2, மற்ற மென்தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் பெரும்பாலும் எம்-3.

தேர்வில் பலரும் சறுக்கும் இடம் வியர்வைதான். வளைவில் உடலெங்கும் வியர்ப்பது பரிவு நரம்பின் வேலை, ஆனால் அந்நரம்பு முனை வெளியிடுவது நார்அட்ரினலின் அன்று, அசிட்டைல்கோலின், ஏற்பியும் எம்-3. ஆகவே மஸ்கரினிக் ஏற்பிகளைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தால் வியர்வை நின்று தோல் வறண்டுவிடும்.