சிசிலிக்காரரை யாழ்ப்பாணத் தமிழில கதைக்க வைச்சுப் பாத்த 6 வருஷம்

நான் பலெர்மோவில இருக்கிறன், வந்து 14 வருஷமாகுது. வயசுபோன ஒரு அம்மாவைப் பாக்கிற வேலை. இத்தாலியன் வகுப்பில படிச்சது கொஞ்சம், அவவின்ர வாயைப் பாத்துப் படிச்சது கனக்க, அதிலயும் பாதி இத்தாலியனே இல்லை சிசிலியன் எண்டது எனக்குப் பிந்தித்தான் விளங்கினது. 6 வருஷத்துக்கு முன்னம் பழைய சிசிலிக் கதைகளைத் தமிழில எழுதிப் பாக்கத் தொடங்கினனான். கதை சொல்லுற பகுதி எழுத்துத் தமிழில ஓரளவுக்கு வந்திடும். ஆக்கள் வாய் திறக்கிற இடத்திலதான் எல்லாம் கவிழும்.

முதல் கதையில மீன் விக்கிறவனும் வானொலிச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி "இந்த மீன் இன்று காலை பிடிக்கப்பட்டது" எண்டான். வெக்கமாப் போச்சு. அடுத்ததில கோபத்தோட மற்றப் பக்கம் போய் எல்லாத்தையும் ஊர்த் தமிழாக்கிப் போட்டன், மதுக்கடை கள்ளுக்கொட்டில் ஆச்சு, "பெட்டா மாத்ரி" எண்டு மாதாவைக் கூப்பிடுறவள் "அம்மாளாச்சி" எண்டு கத்தினாள். சென்னையில இருக்கிற சிநேகிதர் வாசிச்சிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "இந்த மீன்காரர் எந்த வருஷம் ஊரை விட்டுப் போனார்?" அவர் பகிடிக்குக் கேக்கேல்லை, உண்மையா அந்த ஆளை அகதி எண்டு நினைச்சிட்டார்.

அதுக்குப் பிறகு பிடிச்ச வழியைத்தான் இண்டைக்கு வரைக்கும் பாவிக்கிறன், இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான். எங்கட பேச்சின்ர இலக்கணத்தை எடுக்கிறது, எங்கட ஊர்ச் சாமான், சாமி, சாப்பாடு ஒண்டையும் எடுக்கிறேல்லை. ஏன் எண்டா கனக்கச் சிசிலிக் கதையளில உரையாடலும் அப்பிடித்தான் இருக்கு, சொல்லு இத்தாலியன், எலும்பு சிசிலியன். (பாண் மட்டும் விதிவிலக்கு. அது போர்த்துக்கீசன் தந்த சொல்லு, இஞ்ச "பானி" எண்டுறதும் அதே குடும்பம், அதை ஏன் நான் ரொட்டி ஆக்கவேணும்?)

இதில எனக்கு ஆகப் பெரிய லாபம் "உது". இத்தாலியன் பள்ளிக்கூடப் புத்தகத்தில சுட்டுச்சொல் மூண்டு, குவெஸ்தோ, கொதேஸ்தோ, குவெல்லோ. நடுவில இருக்கிறது கேக்கிறவருக்குக் கிட்ட இருக்கிற சாமானைச் சொல்லுறது. ஆனா இப்ப அதை வாயால சொல்லுறது தொஸ்கானாப் பக்கம்தான், மற்ற இடத்தில அரசாங்கக் கடிதத்தில பாக்கலாம். சிசிலியனில அப்பிடி இல்லை. கிஸ்து எண்டா இது, கிஸ்ஸு எண்டா உது, கிட்டு எண்டா அது. (கிட்டுவில வாற டகரம் நாங்கள் நாக்கை மடிச்சுச் சொல்லுற டகரம் மாதிரித்தான், இத்தாலியனில அந்தச் சத்தமே இல்லை.) நாள் முழுக்கப் பாவிக்கிற சொல்லுகள். எழுத்துத் தமிழில உகரச்சுட்டு எப்பவோ போட்டுது, எங்கட வாயில இன்னும் இருக்கு.

பல்லாரோ சந்தையில நான் கேட்ட நாலு வரியைச் சொல்லுறன். விக்கிறவன் ஒரு மீனைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், ஒரு கிழவி வாறா.

"கிஸ்ஸு ஃப்ரிஸ்கு யே?"
"கிஸ்து? வீவு யே!"
"கிட்டு வொக்யு."
"கிட்டு வின்னுத்து யே."

இதைப் பொதுத்தமிழில எழுதினா "அது ஃப்ரெஷ்ஷா?", "இதுவா? உயிரோட இருக்கு!", "எனக்கு அது வேணும்", "அது வித்தாச்சு". முதல் வரியிலயும் மூண்டாம் வரியிலயும் ஒரே "அது". கிழவி அவன்ர கையில இருக்கிறதைக் கேட்டிட்டுப் பிறகு தட்டில அங்கால கிடக்கிறதைக் காட்டுறா எண்டு வாசிக்கிறவருக்குத் தெரியாது, அவ அவன்ர கையில இருக்கிறதைத்தான் கேக்கிறா, அவன் வித்தாச்சு எண்டு பொய் சொல்லுறான் எண்டு விளங்கும். "கிழவி தட்டைச் சுட்டிக்காட்டினா" எண்டு நான் ஒரு வரி செருகவேணும், செருகினா அந்தச் சூட்டில தண்ணி ஊத்தினது மாதிரி. இப்ப நான் எழுதுறது இப்பிடி:

"உது புதுசோ?"
"இதோ? துடிக்குது!"
"அதுதான் வேணும் எனக்கு."
"அது வித்துப்போச்சு."

கையைக் காட்டவே தேவையில்லை. இந்தியாவில இருக்கிற வாசகருக்கு முதல் ரெண்டு பக்கம் "உது" தட்டும், எழுத்துப்பிழை எண்டுகூட ஒருத்தர் திருத்தி அனுப்பினவர், ஆனா மூண்டாம் பக்கத்தில பழகிடும். 6 வருஷத்தில என்னைக் கைவிடாத ஒண்டு இதுதான்.

அந்த நாலு வரியில இன்னொரு பொறி இருக்கு, அதில நான் ரெண்டு வருஷம் விழுந்து கிடந்தன். பொது இத்தாலியனில "சோனோ ஸ்தாங்கா", களைச்சுப்போனன். சிசிலியில "ஸ்தாங்கா சோனோ", வினை கடைசியில. இத்தாலியன் வாசகருக்கு இந்த மாத்தம் உடன காதில விழும், ஓ தெற்குக்காரி எண்டு. ஆனா தமிழில வினை கடைசியில வாறதுதானே வழமை! சொல்லொழுங்கை அப்பிடியே வைச்சுத் தமிழாக்கினா எல்லாம் சரியா இருக்கும், வாசம் மட்டும் இருக்காது. எனக்கு முதலில சந்தோசம், ஆகா எங்கட மொழிக்கு இது தோதா இருக்கெண்டு, தோதா இருக்கிறதுதான் பிரச்சினை எண்டு விளங்கேல்லை. இப்ப முன்னுக்கு வந்த சொல்லில அழுத்தம் எங்க விழுது எண்டு பாத்து அதில "தான்" இல்லாட்டி "எல்லோ" போடுறன், இல்லாட்டி எங்கட வழமையைக் குழப்பி வினைக்குப் பின்னால ஒண்டைத் தள்ளுறன், "அதுதான் வேணும் எனக்கு" எண்டது அதுக்குத்தான். எல்லா வரியிலயும் செய்யேலாது, மூண்டு நாலு வரிக்கு ஒருக்காப் போதும், கூடினா நாடக வசனமாப் போடும்.

நீளமும் பாக்கவேணும். "வீவு யே!" மூண்டே அசை. அதுக்கு நான் முதலில எழுதினது "உயிரோடையெல்லோ கிடக்கு!" கருத்து அச்சாச் சரி, ஆனா சந்தையில அதைக் கத்தி முடிக்கிறதுக்குள்ள கிழவி அடுத்த கடைக்குப் போயிடுவா. தமிழில விகுதி ஏற ஏற வரி நீளும். அதால சுடச்சுடப் பதில் சொல்லுற இடங்களில ரெண்டையும் போனில ரெக்கோட் பண்ணி அடுத்தடுத்துக் கேக்கிறன், என்ர வரி மூலத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஓடினா வெட்டு. ஞாயிறு காலமை சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரீனோ ஏறேக்க இந்த வேலை, எங்கட சனம் கனபேர் ஏறுறவை, தனியக் கதைச்சுக்கொண்டு போற என்னைப் பாத்தா நேர்த்தி எண்டு நினைப்பினம்.

அடுத்தது "நீர்". இதுக்கு அரை மாக்ஸ்தான். சிசிலிக் கதையளில து இருக்கு, வோய் இருக்கு, அதுக்கு மேல வொஸ்ஸீயா இருக்கு. நாங்களும் நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படி வைச்சிருக்கிறம், அப்ப என்ன, அப்பிடியே ஒண்டுக்கொண்டு பொருத்தினன். வொஸ்ஸீயாவுக்குப் பிழையில்லை. அது படர்க்கை வினை எடுக்கும், நாங்களும் ஒருத்தரின்ர முகத்துக்கு நேரயே "மாஸ்டர் எங்க போறார்?" எண்டு கேக்கிற ஆக்கள்தானே, சரியாப் பொருந்தினது. வோய்தான் காலை வாரினது. ஒரு கதையில மருமகள் மாமியாரோட வோய் போட்டுக் கதைக்கிறாள், நான் "நீர் இரும்" எண்டு எழுதிப்போட்டு சித்திக்கு வாசிச்சுக் காட்டினன். அவ காதைப் பொத்தினா. "மாமியை நீர் எண்டுறாளோ? அறைஞ்சிருக்கமாட்டாளோ அவள்?" எங்கட நீர் சமமாயும் கீழயும்தான் போகும், புருசன் பெண்சாதிக்கு, வாத்தியார் பெரிய பெடியங்களுக்கு. வோய் மேலயும் ஏறும். இப்ப ஒவ்வொரு கதைக்கும் ஆர் ஆரோட என்ன போட்டுக் கதைக்கினம் எண்டு ஒரு பேப்பரில கட்டம் கீறிப்போட்டுத்தான் தொடங்குறது, மேல போற வோய் எல்லாம் நீங்கள், சமமாப் போறதுக்கு மட்டும் நீர். கதை நடக்கிற வருஷத்தையும் கட்டாயம் பாக்கவேணும். 1938இல முசோலினி அரசு, இத்தாலியனில மரியாதைக்குச் சொல்லுற லேய் வேண்டாம் வோய் எண்டு சொல்லு எண்டு உத்தரவு போட்டது, அந்தக் காலத்துக் கந்தோர்க்காரன் வாயில வாற வோய் ஊர்ப்பேச்சு இல்லை, மேலிடத்துக் கட்டளை. அதுக்கு நான் "தாங்கள்" போட்டன், விறைப்பு வந்தது.

இரட்டிச்சு வாற சொல்லில ஒருக்காச் சரியா அடிபட்டன். ஒரு கிழவர் நாள் முழுக்க "காசா காசா" நடக்கிறார் எண்டு மகள் சொல்லுறாள். காசா எண்டா வீடு. இரட்டிக்கிறது எங்களிட்டையும் இருக்கே, "வீடு வீடாத் திரியிறார்" எண்டு எழுதி, தாளம் அப்பிடியே வந்திட்டுது எண்டு தோளில தட்டிக்கொண்டன். அடுத்த பக்கத்தில அதே மகள், அப்பா மூண்டு மாசமா வாசல்படி தாண்டேல்லை எண்டுறாள்! சிசிலியில காசா காசா எண்டா வீட்டுக்குள்ளயே அங்கயும் இஞ்சயும் நடக்கிறது. நான் நோயாளியைப் பிச்சைக்காரன் ஆக்கிப்போட்டன். "வீட்டுக்கையே சுத்திச்சுத்தி நடக்கிறார்" எண்டு மாத்தினன், இரட்டிப்பு பெயரில இருந்து வினைக்குப் போனது, தாளம் தப்பிச்சுது.

சிலதை விட்டிட்டன். தெற்கில "பிள்ளையை இரு" எண்டுற மாதிரிச் சொல்லுவினம், அதாவது இருத்து எண்டுறதுக்கு. 2019இல இதைப் பற்றி இத்தாலியன் மொழிக்கழகமான அக்கதேமியா தெல்லா க்ருஸ்கா ஒரு பதில் எழுதப்போய் இஞ்ச பேப்பர், டிவி எல்லாம் ஒரே சத்தம். இத்தாலியனுக்கு அது வீட்டு வாசம் உள்ள வழு. தமிழில இரு, இருத்து ரெண்டும் தனித்தனி, மாத்திச் சொன்னா ஊர்க்காரன் மாதிரி இல்லை, தமிழ் தெரியாத ஆள் மாதிரி இருக்கும். அந்த இடங்களில ஒழுங்கா "இருத்து" எண்டே எழுதிப்போட்டுப் போறன்.

இப்ப கையில இருக்கிற கதையில என்னை நிப்பாட்டி வைச்சிருக்கிறது "கொம்பாரே" எண்ட ஒரு விளி. ஞானஸ்நானத்தில பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நிண்டவருக்கும் பிள்ளையின்ர தகப்பனுக்கும் இடையில வாற உறவு, பழகின சிநேகிதரும் அப்பிடிக் கூப்பிடுவினம். மச்சான் எண்டு போட்டா தாளம் நல்லா ஓடுது, ஆனா மச்சான் எண்டா பெண் குடுத்து எடுக்கிற முறை, அங்க கொம்பாரே எண்டுறது ரத்த உறவுக்குச் சமன். கதையில ஒருத்தன் மற்றவன்ர தங்கச்சியைக் கேட்டு வாறதுதான் சிக்கலே. மச்சான் எண்டு எழுதினா தமிழ் வாசகர், கேட்டா என்ன, முறைதானே எண்டு போயிடுவார். கொம்பாரே எண்டே விட்டா 30 தரம் அந்தச் சொல்லு பல்லில இடறுது. சித்தி "அண்ணை" எண்டு போடச் சொல்லுறா. ரெண்டு பக்கம் அப்பிடி மாத்தி ரெக்கோட் பண்ணியிருக்கிறன், வாற ஞாயிறு மலையேறேக்கதான் கேட்டுப் பாக்கவேணும்.