சூட்டுக்கா, மறைவுக்கா? மே மாதத்தில் ஒரு அட்டைப்பெட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுடையது ஒற்றைக் கூடம் வைத்த வீடு. போன மே மாதம் புது மின்விசிறி வந்தது. அண்ணன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஸ்டூலில் ஏறுவதற்குள், காலிப் பெட்டிக்குள் எங்கள் பூனை கறுப்பி போய் உட்கார்ந்துவிட்டது.

"உள்ள கதகதப்பா இருக்கும்ல, அதான்" என்றார் அண்ணன். மதியம் 2 மணி. சுவரில் இருந்த கடிகாரம் அறை வெப்பம் 34 டிகிரி என்று காட்டியது.

பூனைக்குப் பெட்டி ஏன் பிடிக்கிறது என்பதற்கு அண்ணன் சொன்னது இணையத்தில் அடிக்கடி வரும் விளக்கம்தான். அதில் விஷயமும் இருக்கிறது. உடம்பைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ கூடுதலாகச் சக்தி செலவழிக்காமல் பூனை இருக்கக்கூடிய வெப்பம் ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி. ஐரோப்பிய வீட்டின் அறை 20 டிகிரியில் இருந்தால் பூனைக்கு அது குளிர்தான். அட்டைக்குள் அடைபட்ட காற்று அதன் உடல் சூட்டை வெளியே விடாது. ஆனால் எங்கள் கூடம் ஏற்கெனவே 34. கறுப்பிக்கு அங்கே கூடுதல் சூடு எதற்கு?

ஆயாவின் கணக்கு வேறு. "நாலு பக்கமும் சுவரு இருந்தா அதுக்கு நிம்மதிடா. நாய் வந்தாலும் முதுகுல பாயாது." நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. அது ஆயா பக்கம் நிற்கிறது. 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம், நான்காம் நாள்களில் பெட்டி கிடைத்தவற்றிடம் பதற்றம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 14ஆம் நாளில் இரு கூட்டத்தின் சராசரிக்கும் வித்தியாசமில்லை. அதாவது, புது இடத்தில் சீக்கிரம் தேறிவரப் பெட்டி உதவியிருக்கிறது.

சரி, ஆனால் கறுப்பி எதற்கும் பயப்படுவதில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டை ஆள்வதே அதுதான். அதை உற்றுப் பார்த்தபோதுதான் மறைவு என்பதற்கு இன்னொரு பக்கமும் இருப்பது புரிந்தது. அது பெட்டிக்குள் முகத்தைத் திறப்புப் பக்கம் வைத்து, வால் நுனியை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். அண்ணியின் புடவை ஓரம் அந்தப் பக்கம் போனால் ஒரே பாய்ச்சல். பூனை பதுங்கி வேட்டையாடும் விலங்கு, பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடியதும்கூட. இரண்டுக்கும் ஒரே மறைவு போதும்.

அப்புறம் அந்தப் பெட்டியை நான் தூக்கிப்போடவில்லை. மே முழுக்க நடந்தது இதுதான்: இடம் மாற்றி வைத்தால் உடனே உள்ளே போகும், பத்து நிமிடம் இருக்கும், பிறகு வெளியே வந்து தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் சிவப்புச் சிமென்ட் தரையில் கால்களை நீட்டிக்கொண்டு தூங்கும். மார்கழியில் அதே பெட்டியில் பழைய லுங்கியைப் போட்டு வைத்தேன். ராத்திரி 22 டிகிரி இருக்கும். மூக்கை வாலுக்கடியில் செருகிச் சுருண்டு விடியும்வரை கிடந்தது.

அதனால் என் தீர்ப்பு இது: பெட்டிக்குள் நுழைய வைப்பது மறைவு, அங்கேயே தங்க வைப்பது சூடு. 'பெட்டி ஏன் பிடிக்கிறது' என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் அண்ணனும் ஆயாவும் சண்டை போடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்புக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பூனை வளர்ப்பவர்களே வீட்டுத் தரையில் வடிவங்களை வைத்துப் பார்த்தார்கள். வெறும் சதுரக் கோட்டுக்குள்ளும், கோடே இல்லாமல் சதுரம் போலத் தோன்றும் மாயவடிவத்துக்குள்ளும் பூனைகள் போய் உட்கார்ந்தன. அதில் சூடும் இல்லை, சுவரும் இல்லை. ஆனால் அப்படி உட்கார்ந்தவை 9 பூனைகள்தான். அதை வைத்து மற்ற விளக்கங்களை ஒதுக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் பார்த்துப் பிரிப்பது சுலபம். நீட்டிய முகம், அசையும் வால் நுனி என்றால் வேட்டை. சுருண்டு கண் மூடியிருந்தால் சூடு. உடம்பைத் தரையோடு ஒட்டி, கண்மணி விரிந்து, காது பின்னால் மடங்கியிருந்தால் பயம். தீபாவளி ராத்திரி கட்டிலடி மூலையில் கறுப்பி இப்படித்தான் இருக்கும், அப்போது கையை விட்டு இழுக்கக் கூடாது. வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வராமல் மூலையிலேயே கிடந்தால் அது நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெட்டியைவிட எனக்குக் கவலை பைகள்தான். கட்டைப் பையின் காதில் கறுப்பியின் கழுத்து ஒருமுறை மாட்டிக்கொண்டது. மிரண்டு ஓட ஓட, பையும் பின்னாலேயே துரத்தியது. இப்போது காலிப் பை தரைக்கு வந்தால் ஆயா முதலில் காதை வெட்டிவிடுவாள்.