தையல் மெஷின் சர்வீஸ் கடைக்கு லிங்க்ட்இன்: மூன்று ஆண்டு அனுபவம்

திருப்பூரில் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களைப் பழுது பார்க்கும் சிறிய கடை நடத்துகிறேன். ஏற்றுமதி நிறுவனங்களின் பராமரிப்புப் பொறுப்பாளர்களை எட்டுவதற்காக மூன்று ஆண்டுகளாக லிங்க்ட்இன்னில் என் பெயரிலேயே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்.

முதல் எட்டு மாதங்களில் ஓர் அழைப்புகூட வரவில்லை. பழக்கமான மேலாளர் ஒருவர், பக்கத்தைப் பார்த்தும் என் கைபேசி எண் கிடைக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. எண்ணை Contact info பகுதியில் மட்டும் கொடுத்திருந்தேன். அங்கே கொடுக்கும் எண் நம்மோடு ஏற்கெனவே இணைந்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். புதிதாக ஆள் தேடி வருபவர் இணைப்பு வேண்டி, நாம் ஏற்கும்வரை காத்திருக்க மாட்டார். அவருடைய லைனில் மெஷின் நின்றிருக்கும். எனவே எண்ணை About பகுதியின் முதல் வரியிலேயே எழுதினேன், ஏனெனில் அதன் தொடக்க வரிகள் மட்டுமே விரிக்காமல் தெரிகின்றன.

பெயருக்குக் கீழே வரும் வரியில் முன்பு "Proprietor" என்று மட்டும் இருந்தது. அந்தச் சொல்லைத் தட்டி யாரும் மெக்கானிக்கைத் தேடுவதில்லை. 220 எழுத்துகள் வரை இடமிருந்தாலும் தேடல் பட்டியலில் முன்பகுதிதான் கண்ணில் படும் என்பதால், தொழிலையும் ஊரையும் முன்னால் வைத்தேன்:

```
Overlock, Flatlock Machine Service, Tiruppur
```

பதிவுகளில் பயன் தந்தவை, ஒரு பழுதை முழுமையாக விளக்கியவையே. லைக்ரா கலந்த துணியில் பிளாட்லாக் தையல் விட்டுவிட்டு விழுவதைப் பற்றி ஒருமுறை எழுதினேன். மெக்கானிக்குகள் பலர் நூல் இறுக்கத்தைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பார்கள். நானோ ஊசிமுனை பின்னல் துணிக்கு ஏற்ற பால் பாயிண்ட்தானா என்றும், பிறகு லூப்பர் ஊசியை உரசாமல் மிக அருகில் கடக்கிறதா என்றும் பார்ப்பேன். நூல் வளையத்தை லூப்பர் பிடிக்கத் தவறினால் தையல் விடும் என்பதை அருகில் எடுத்த இரண்டு படங்களுடன் காட்டியிருந்தேன். விருப்பக்குறிகள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஆனால் அதே பழுதால் அவதிப்பட்ட ஒரு நிறுவனம் அழைத்து, சரிசெய்த பின் தன் மெஷின்களுக்கு ஆண்டு பராமரிப்பு வேலையையும் கொடுத்தது. எம்ப்ராய்டரி மெஷின் மட்டும் பார்க்கும் நண்பர் ஒருவரும் அந்தப் பதிவால்தான் அறிமுகமானார். இன்று என்னிடம் வரும் எம்ப்ராய்டரி வேலை அவருக்கும், அவரிடம் வரும் ஓவர்லாக் வேலை எனக்கும் போகிறது. இதற்கு மாறாக, பண்டிகை வாழ்த்துப் படங்களால் ஒரு வேலையும் வரவில்லை.

ஜாப் ஒர்க் எடுக்கும் சிறிய யூனிட்காரர்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். என் அனுபவத்தில் அவர்கள் வாய்வழிப் பரிந்துரையாலும் வாட்ஸ்அப்பாலும்தான் வருகிறார்கள், இப்போதும் என் கடையின் பெரும்பகுதி வேலை அவர்களுடையதே.