ஓடுகிற ஆங்கிலத்துக்குக் காதைப் பழக்க: சொல்வதெழுதலா, கூடவே சொல்வதா?

போன மார்கழியில் ஸ்காபரோவில் இருக்கிற அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினான். அதில் நான் பிடித்தது இரண்டே சொல்: ‘ஷோல்டர்’, ‘டிக்கெட்’. அக்காவுக்குத் தோள்மூட்டில் ஏதோ, அதனால் வாற டிக்கெட்டை மாற்றிவிட்டார்கள் போல என்று நானே ஒரு கதை கட்டி அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அம்மா பயந்துபோய் உடனே கனடாவுக்குப் போன் எடுத்தா. அவன் சொன்னது இதுதான்: ‘ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹேர் டு பிக் இட் அப்’. கடையில் கிடந்த ஒரு பார்சலை எடுத்துவரச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துபோனான், அவ்வளவுதான்.

இதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எழுதிக் காட்டினால் கண்ணை மூடித் திறக்க முன் வாசித்துவிடுவேன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது ‘ஐ ஷுட டோல்டர் ட பிக்கிடப்’. ‘ஹேவ்’ வெறும் ‘அ’ ஆகிவிட்டது, ‘ஹேர்’ தலையை இழந்து ‘டோல்ட்’ உடன் ஒட்டிக்கொண்டது, ‘டு’ இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சுருங்கியது, ‘பிக் இட் அப்’ மூன்றும் ஒரே சொல்லாக, நடுவில் ‘படம்’ என்கிறபோது வருமே அந்த மெல்லிய ட. ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் அழுத்தமான அசை வந்தால் அங்கே புதுச்சொல் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டுதான் பேச்சை வெட்டிப் பிரிக்கிறார்கள்; பேச்சை எப்படிக் கேட்டு விளங்குகிறோம் என்று ஆராய்ந்த ஆன் கட்லரும் டெனிஸ் நொரிஸும் 1988இல் இதை விளக்கி எழுதினார்கள். நாங்களோ எல்லா அசைக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை கொடுத்துப் பழகியவர்கள், எங்கள் ஊர் ஆங்கிலமும் அப்படித்தான். அதனால் காதில் விழுந்த நாலைந்து துண்டை வைத்து, தெரிந்த சொல்லாகப் பார்த்து ஒட்டிவிடுகிறோம்.

(இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் ‘போய்விட்டு வாறன்’ என்பதைச் சுருக்கி ‘போட்டு வாறன்’ என்றால் சென்னைக்காரர் எதைப் போட்டீர்கள் என்றுதான் கேட்பார்.)

சரி, காதை எப்படிப் பழக்குவது? இரண்டு வழியை உடனே ஓரமாக வைத்துவிடலாம். ஒன்று, எழுத்து ஓடவிட்டுப் படம் பார்ப்பது. கண் முந்திக்கொள்ளும், வாசித்ததைக் கேட்டதாக நம்பிவிடுவோம். போதாக்குறைக்கு, திரையில் இடம் போதாது என்று சின்னச் சொற்களைக் கழித்தும் போடுவார்கள். இரண்டாவது, வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக் கேட்பது. இது கொஞ்சம் ஏமாற்று வேலை. ஒரு ஆள் மெதுவாகச் சொன்னால் விழுங்கிய ஒலி திரும்பி வரும், ‘ஷுட் ஹேவ்’ என்று முழுதாகவே சொல்வார். பதிவை இழுத்தால் அப்படி வராது, விழுங்கியது விழுங்கியதுதான், ‘ஷுட’ கொஞ்சம் நீண்ட ‘ஷுட’ ஆகும், அவ்வளவே.

மிச்சம் இரண்டு: கேட்டு எழுதுவது, பேசுகிறவருக்குப் பின்னாலேயே நிழல் மாதிரிச் சொல்லிக்கொண்டு போவது. இரண்டையும் நாலு மாதம் மாறி மாறிச் செய்தேன்.

கேட்டு எழுதுவது என்றதும் பள்ளிக்கூடச் சொல்வதெழுதல் ஞாபகம் வரும். அது இதல்ல. ரீச்சர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும்போது ஒட்டுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இங்கே வேண்டியது, ஆட்கள் இயல்பாகக் கதைக்கிற பதிவில் ஆறிலிருந்து எட்டு செக்கன் துண்டு, சரியான வாசகம் கையில் இருக்க வேண்டும், ஆனால் மூடி வைத்திருக்க வேண்டும். இடையில் நிறுத்தாமல் மூன்று தரம் கேட்டு எழுதுங்கள். பிடிபடாத இடத்தில் ஊகித்து நிரப்ப வேண்டாம், காதில் விழுந்த ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் போடுங்கள். நான் அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுச் செய்தபோது என் கொப்பியில் வந்தது: ‘ஐ ஷுடடோல்டர் ... பிக்கிடப்’. பிறகு வாசகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தால் எது போனது என்று தெரிந்துவிடும்: ஹேவ், டு. இனி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கேள்வி: இந்தச் சொல்லே எனக்குத் தெரியாதா, தெரிந்தும் பிடிக்கவில்லையா? முதலாவது என்றால் அகராதி வேலை. இரண்டாவதுதான் காதின் வேலை, என் கொப்பியில் முக்கால்வாசி அதுதான். வாசகத்தைப் பார்த்தபடி ஒருக்கால் கேளுங்கள், மறுநாள் பார்க்காமல் கேளுங்கள். மறுநாளும் ‘ஹேவ்’ இருந்த இடத்தில் அந்த ‘அ’ கேட்டால் பிடித்துவிட்டீர்கள்.

இதன் குறை, மெதுவாகப் போகும். எட்டு செக்கனுக்குக் கால் மணித்தியாலம் போய்விடும். அதைவிடப் பெரிய குறை, எழுத்தில் எழுதுவதால் எழுத்தாகவே யோசிக்கத் தொடங்குவோம். எங்கே ஓட்டை என்று கொப்பி காட்டும், அதை அடைக்காது.

அடைக்கிற வேலையைக் கூடவே சொல்வது செய்கிறது. அதே துண்டைப் போட்டு, அவர் வாயைத் திறந்து அரை செக்கனுக்குள் நீங்களும் தொடங்க வேண்டும், எட்டுப் பத்துத் தரம். முதல்தரமே ஒன்று விளங்கும்: நான் ‘ஷுட் ஹேவ் டோல்ட் ஹேர்’ என்று ஒவ்வொன்றுக்கும் உரிய மரியாதை கொடுத்து ‘பிக்’குக்கு வரும்போது மருமகன் முடித்துவிட்டான். அவனோடு ஓட வேண்டுமென்றால் எதையாவது சுருக்கியே ஆக வேண்டும். எதைச் சுருக்கலாம் என்று வாயே கண்டுபிடிக்கிறது, ‘டோல்ட்’, ‘பிக்’, ‘அப்’ என்று அழுத்தம் விழுகிற இடங்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாகச் சுருங்குகிறது. இதற்குப் பிறகு அந்த ‘டு’ எனக்குத் தப்பியதில்லை.

‘கேன்’, ‘கேன்ட்’ சிக்கலிலும் இதுதான் கைகொடுத்தது. கனடாப் பேச்சில் கடைசி ட் பெரும்பாலும் வெளியே வராது, அதைத் தேடினால் அர்த்தம் தலைகீழாகும். ‘ஐ கன் கோ’ என்று சுருங்கி ஓடினால் போகலாம் என்கிறான், ‘ஐ கேன் கோ’ என்று உயிர் முழுதாக நின்று சட்டென்று வெட்டினால் போக முடியாது என்கிறான். கொப்பியில் இரண்டையும் ‘கேன்’ என்றே எழுதியிருந்தேன். வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் காதில் ஏறியது.

ஆனால் கூடவே சொல்வதை மட்டும் நம்பினால் கிளிப்பிள்ளை ஆகிவிடலாம். முதல் மாதம் நான் அதைத்தான் செய்தேன், தாளம் பிசகாமல் சொன்னேன், என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. உங்கள் சத்தமே அவர் சத்தத்தை மூடிவிடும் என்பது இன்னொன்று. ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு, மற்றப் போனில் உங்கள் குரலைப் பதிந்து கேட்டால் எங்கே மழுப்பியிருக்கிறீர்கள் என்று பிடிபடும்.

ஆகவே என் வரிசை இது: முதலில் எழுதுவது, ஓட்டை தெரிந்த துண்டை மட்டும் கூடவே சொல்வது, மறுநாள் எழுத்தில்லாமல் கேட்டுச் சரிபார்ப்பது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எழுதுவதையே எடுப்பேன், அது என்னை ஏமாற்றவில்லை.

ஒரு குரலோடு நின்றுவிடவும் வேண்டாம். மருமகனின் ‘பிக்கிடப்’ நன்றாகப் பழகி, இனி என்ன என்று இருந்தபோது லண்டன் மச்சானின் மகள் அதே ‘பிக் இட் அப்’ சொன்னாள். அங்கே நடு ட இல்லவே இல்லை, தொண்டைக்குள் ஒரு சின்ன அடைப்பு மட்டும், ‘பிக்கி, அப்’ என்பது போல. மூன்று தரம் போட்டும் என் கொப்பியில் அந்த இடம் வெறுமையாகத்தான் கிடந்தது.